12பிபி படிவம் போட்டோவில் வந்தால் நான் எதையெல்லாம் பார்க்கிறேன்

சம்பளப் பட்டுவாடா பிரிவில் பல வருடம் இருந்தவள் என்பதால், ஜனவரி பிறந்ததும் சொந்தக்காரப் பிள்ளைகளிடமிருந்து எனக்கு வாட்ஸப்பில் போட்டோக்கள் வரத் தொடங்கிவிடும். பெரும்பாலும் ஒரே காகிதம்தான்: வருமான வரிப் படிவம் 12பிபி. மாதச் சம்பளக்காரர்கள், தாங்கள் கேட்கும் வரிச் சலுகைகளை ஆதாரத்தோடு வேலை பார்க்கும் நிறுவனத்துக்குத் தெரிவிக்கும் படிவம் அது. 2016 ஜூனில் புழக்கத்துக்கு வந்தது. அது வருமான வரித் துறைக்கு நேராகப் போவதில்லை. நிறுவனம் அதைப் பார்த்துத்தான் சம்பளத்தில் எவ்வளவு டி.டி.எஸ் பிடிப்பது என்று கணக்குப் போடுகிறது. ஆதாரக் காகிதங்களையும் அதுவே கோப்பில் வைத்துக்கொள்கிறது.

2026 ஜனவரியில் என் அக்கா மகன் அனுப்பிய போட்டோவை வைத்தே சொல்கிறேன், ஏனென்றால் வழக்கமாக வரும் சிக்கல்களில் பாதி அதில் இருந்தது. பையனுக்குச் சென்னையில் வேலை, வேளச்சேரியில் வாடகை வீடு. மதுரையில் கடன் வாங்கிக் கட்டிய சொந்த வீட்டில் அப்பாவும் அம்மாவும் இருக்கிறார்கள். படிவத்தைப் பென்சிலால் பாதி நிரப்பியிருந்தான். "சித்தி, ஆபீஸ்ல இருபதாம் தேதிக்குள்ள கேக்குறாங்க. நான் எழுதினது சரியான்னு பாத்துச் சொல்லுங்க" என்று கீழே ஒரு வரி.

முதலில் போட்டோவைப் பற்றி. மேலே தலைப்பில் 12பிபி என்றும், அதன் கீழே விதி 26சி என்றும் தெரிகிறதா என்று பார்ப்பேன். சில நிறுவனங்கள் இதே கட்டங்களைத் தங்கள் சொந்தத் தாளில் அச்சடித்து, கூடவே வேறு உறுதிமொழிகளையும் சேர்த்துக் கொடுக்கும். அப்போது எது சட்டம் கேட்பது, எது நிறுவனம் கேட்பது என்று பிரித்துப் பார்த்தாக வேண்டும். அவன் அனுப்பியது அசல் படிவம்தான். ஆனால் சாய்வாக எடுத்ததில் இடது பக்கம் கொஞ்சம் வெட்டுப்பட்டு, மடிப்பு விழுந்த இடத்தில் இரண்டு வரி நிழலில் மறைந்திருந்தது. மறைந்தது எது தெரியுமா? வாடகைப் பகுதியின் கடைசியில் உள்ள குறிப்பு. வருட வாடகை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண் தர வேண்டும் என்று சொல்லும் வரி அதுதான். கடைசிப் பகுதியான உறுதிமொழியும் கையெழுத்து இடமும் போட்டோவில் வரவே இல்லை. ஜன்னல் பக்கத்தில் தாளைத் தட்டையாக வைத்து, நேர் மேலிருந்து, நாலு மூலையும் தெரிகிற மாதிரி ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாக எடுத்து அனுப்பச் சொன்னேன். பாதித் தாளைப் பார்த்துப் பதில் சொல்வதில் எனக்கு உடன்பாடு கிடையாது. தெரியாத பாதியில்தான் நிபந்தனை இருக்கும்.

அடுத்ததாக அவனிடம் கேட்டது, பழைய வரி முறையா புதிய வரி முறையா என்று. 2023-24 நிதியாண்டு முதல் நாம் எதுவும் சொல்லாவிட்டால் புதிய முறைதான். அதில் வீட்டு வாடகைப்படி விலக்கு கிடையாது, பி.எஃப், ஆயுள் காப்பீடு போன்றவற்றுக்கான 80சி கழிவு கிடையாது, நாம் குடியிருக்கும் வீட்டுக் கடன் வட்டிக்கும் கழிவு கிடையாது. ஆக, புதிய முறையில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு இந்தப் படிவத்தில் எழுத ஒன்றுமே இருக்காது. 2025-26-இல் புதிய முறையில் சம்பளம் 12,75,000 ரூபாய் வரை வரியே வராது என்பதால், அந்த அளவுக்குள் சம்பளம் வாங்குகிற பிள்ளைகள் படிவத்தை அனுப்பினால், "இதுக்காக ரசீது தேடி அலையாதே" என்று சொல்லி அனுப்பிவிடுவேன்.

இவனுக்கு வருடச் சம்பளம் 18 லட்சம். ஏப்ரலிலேயே பழைய முறை என்று நிறுவனத்திடம் எழுதிக் கொடுத்திருந்தான். சம்பளச் சீட்டோடு வரும் வரிக் கணக்குத் தாளில் அது சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன்; இருந்தது. புதிய முறையில் போனால் அவனுக்கு வரி, செஸ் எல்லாம் சேர்த்து 1,50,800 ரூபாய். பழைய முறையில் எவ்வளவு என்பது, இந்தப் படிவத்தில் எது நிற்கிறது, எது விழுகிறது என்பதைப் பொறுத்தது. அதனால்தான் ஒவ்வொரு கட்டமாகப் பார்க்க உட்கார்ந்தோம்.

படிவத்தின் தலைப்பகுதியில் மூன்றே விவரங்கள். ஊழியரின் பெயரும் முகவரியும், பான் எண், நிதியாண்டு. நிதியாண்டு என்ற இடத்தில் அவன் 2026-27 என்று எழுதியிருந்தான். அது மதிப்பீட்டு ஆண்டு. 2025 ஏப்ரலிலிருந்து 2026 மார்ச் வரை வாங்கும் சம்பளத்துக்கு நிதியாண்டு 2025-26. சின்ன விஷயம்தான். ஆனால் ஆதாரங்களில் எல்லாம் ஒரு வருடமும் படிவத்தில் இன்னொரு வருடமும் இருந்தால், சரிபார்ப்பவர் திருப்பி அனுப்ப அது ஒன்றே போதும்.

பான் எண்ணைப் போட்டோவிலிருந்து படிக்கும்போது எனக்குப் பழக்கமான ஒரு வழி இருக்கிறது. பத்து இடங்களில் முதல் ஐந்தும் ஆங்கில எழுத்து, அடுத்த நாலும் எண், கடைசி ஒன்று எழுத்து. தனிநபர் என்றால் நாலாவது எழுத்து 'பி'யாகத்தான் இருக்கும். கையெழுத்தில் 'ஓ'வா பூஜ்யமா, 'எஸ்'ஸா ஐந்தா, 'பி'யா எட்டா என்று மயக்கம் வந்தால், அது எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று எண்ணினால் போதும், விடை கிடைத்துவிடும். ஐந்தாவது எழுத்து குடும்பப் பெயரின் முதல் எழுத்து என்பது விதி. நம் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது. விண்ணப்பத்தில் அந்த இடத்தில் அப்பா பெயரையோ தன் பெயரையோ எழுதியிருப்போம். அதனால் ஐந்தாவது எழுத்து இனிஷியலோடு பொருந்தவில்லை என்று யாரும் பயப்பட வேண்டாம். பான் அட்டையில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே படிவத்திலும் எழுதினால் சரி.

அதற்குக் கீழேதான் அட்டவணை. வரிசை எண், கேட்கும் சலுகை, தொகை, ஆதாரம் என்று நாலு பத்திகள். எல்லோரும் மூன்றாவது பத்தியில் தொகையை எழுதிவிட்டு, நாலாவதில் "இணைக்கப்பட்டுள்ளது" என்று ஒற்றைச் சொல்லோடு முடித்துவிடுகிறார்கள். சரிபார்க்கும் மேசையில் நான் உட்கார்ந்திருந்தபோது முதலில் பார்த்தது அந்த நாலாவது பத்தியைத்தான். அங்கே எந்தக் காகிதம், யார் பெயரில், எந்தக் காலத்துக்கு என்று மூன்று விவரம் இருந்தால், கட்டோடு ஒப்பிட்டு டிக் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன். இல்லாவிட்டால் அந்தக் கட்டு தனியாக ஒதுங்கிவிடும்.

முதல் வரிசை வீட்டு வாடகைப்படி. இதில் நாலு கட்டம்: கொடுத்த வாடகை, வீட்டுக்காரர் பெயர், முகவரி, பான். இவன் வாடகைக் கட்டத்தில் 3,96,000 என்று எழுதியிருந்தான். மாதம் 33,000 எப்படி வந்தது என்று கேட்டேன். ஒப்பந்தத்தில் வாடகை 30,000. மீதி 3,000 குடியிருப்போர் சங்கத்துக்குக் கட்டும் பராமரிப்புத் தொகை. பராமரிப்பு வாடகையில் சேராது. வங்கிக் கணக்கிலிருந்து மாதா மாதம் போகிறதே என்று அதையும் கூட்டிவிடுகிறார்கள். ஒப்பந்தத்தையும் படிவத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவருக்கு அந்த வித்தியாசம் உடனே கண்ணில் படும். 3,60,000 என்று மாற்றினோம்.

இன்னொன்றும் உண்டு. சிலர் இந்தக் கட்டத்தில் வாடகைக்குப் பதிலாகத் தாங்களே கணக்குப் போட்ட விலக்குத் தொகையை எழுதிவிடுகிறார்கள். படிவம் கேட்பது கொடுத்த வாடகையை மட்டும்தான். விலக்கை நிறுவனம் கணக்கிடும். அடிப்படைச் சம்பளம் மாதம் 60,000 என்பதால் வருடத்துக்கு 7,20,000. வாடகைப்படி 3,60,000. சென்னை என்பதால் அடிப்படைச் சம்பளத்தில் பாதி, அதுவும் 3,60,000. மூன்றாவதாக, கொடுத்த வாடகையிலிருந்து அடிப்படைச் சம்பளத்தில் பத்து சதவீதமான 72,000-ஐக் கழித்தால் 2,88,000. மூன்றில் எது குறைவோ அதுதான் விலக்கு. ஆக இவனுக்கு 2,88,000. கோயம்புத்தூரிலோ மதுரையிலோ வேலை பார்த்திருந்தால் பாதிக்குப் பதில் நாற்பது சதவீதம் என்று வரும்.

அப்புறம் வீட்டுக்காரர் பெயர். அவன் எழுதியிருந்தது ஓர் ஆணின் பெயர். ஒப்பந்தத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னால், அதில் இருந்தது ஓர் அம்மாவின் பெயர். விசாரித்தால், வீடு அந்த அம்மாவுடையது, வாடகையை மகன் தன் ஜிபே எண்ணில் வாங்கிக்கொள்கிறார். சென்னையில் இது சர்வ சாதாரணம். படிவத்தில் வர வேண்டியது ஒப்பந்தத்தில் வீட்டு உரிமையாளராகக் கையெழுத்திட்டவரின் பெயரும் அவருடைய பானும்தான். வாங்கிக்கொள்கிறவரின் பெயரை எழுதினால் ஒப்பந்தம் ஒரு பெயர், ரசீது ஒரு பெயர், வங்கிக் கணக்கு இன்னொரு பெயர் என்று மூன்றும் மூன்று திசையில் நிற்கும். அந்த அம்மாவின் கணக்குக்கே இனி வாடகையை அனுப்பச் சொன்னேன். ஏற்கனவே மகன் கணக்குக்குப் போன மாதங்களுக்கு, "என் சார்பில் என் மகன் பெற்றுக்கொண்டார்" என்று அந்த அம்மாவிடம் ஒரு கடிதம் வாங்கி ரசீதுகளோடு வைக்கச் சொன்னேன்.

பான் கட்டம் காலியாக இருந்தது. "அவங்க தர மாட்டேங்குறாங்க சித்தி" என்றான். இதுதான் இந்தப் படிவத்திலேயே கடினமான கட்டம், இதை எப்படிக் கடப்பது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வீட்டுக்காரர்கள் பான் தரத் தயங்குவதற்குக் காரணம், வாடகை தங்கள் கணக்கில் ஏறி வரி வந்துவிடும் என்ற பயம். அந்தப் பயம் எத்தனை பேருக்கு உண்மையில் பொருந்துகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினால் பல பேர் இளகிவிடுவார்கள். அந்த அம்மாவுக்கு வருட வாடகை 3,60,000. அதில் முப்பது சதவீதம், அதாவது 1,08,000 ரூபாயைச் சட்டமே பராமரிப்புக்கு என்று கழித்துக்கொள்ள விடுகிறது. அதற்கு ரசீது ஒன்றும் வேண்டாம். மீதி 2,52,000. இதற்கு மேல் அவருக்குக் குடும்ப ஓய்வூதியம் வருடத்துக்குச் சுமார் மூன்று லட்சம். இரண்டையும் கூட்டினாலும் ஐந்தரை லட்சத்தைத் தொட்டு நிற்கும். புதிய முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் அவருக்கு வரி பூஜ்யம். மொத்த வருமானம் நாலு லட்சத்தைத் தாண்டுவதால் ரிட்டர்ன் மட்டும் தாக்கல் செய்ய வேண்டும், அவ்வளவுதான். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, பையனையே நேரில் போய்க் காட்டச் சொன்னேன். மகன் படித்துப் பார்த்துவிட்டு, அம்மாவின் பான் அட்டை நகலையே கொடுத்துவிட்டார்.

எல்லோருக்கும் இப்படி முடிந்துவிடாது. நாலைந்து வீடு வாடகைக்கு விட்டிருப்பவருக்கு வரி உண்மையாகவே ஏறும். அவர் மறுத்தால் குடித்தனக்காரரால் எதுவும் செய்ய முடியாது. அதனால் வீடு பார்க்கும்போதே, முன்பணம் கொடுப்பதற்கு முன்னால், பான் தருவீர்களா என்று கேட்டு ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வதுதான் வழி. வீட்டுக்காரரிடம் பானே இல்லை என்றால் விஷயம் வேறு. தன்னிடம் பான் இல்லை என்று அவர் பெயர், முகவரியோடு எழுதிக் கையெழுத்திட்டுத் தரும் உறுதிமொழியை ஏற்றுக்கொள்ளலாம் என்று மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் சுற்றறிக்கை சொல்கிறது. ஆனால் அது பான் இல்லாதவருக்கு மட்டும். பானை வைத்துக்கொண்டே தர மறுப்பவருக்காக அந்தக் கடிதத்தை எழுதி வாங்கினால் அது பொய்ச் சான்று. வேறொருவரின் பானை எழுதினாலும் அப்படித்தான். அவருடைய வருமானமும் நாம் கேட்ட விலக்கும் துறையின் கணினியில் ஒரே எண்ணில் வந்து மோதும்.

இந்த ஒரு கட்டம் காலியாக இருந்தால் என்ன ஆகும் என்று அவனுக்குக் காட்டினேன். மற்ற எல்லா ஆதாரங்களும் சரியாக இருந்தால் பழைய முறையில் அவனுக்கு மொத்த வரி 1,46,640. நிறுவனம் வாடகை விலக்கை மட்டும் நிராகரித்தால் அதுவே 2,36,496 ஆகிவிடும். கிட்டத்தட்ட 90,000 ரூபாய் வித்தியாசம். அதை ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்று மூன்று மாதச் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். வாடகை விலக்கு நின்றால்தான் அவனுக்குப் பழைய முறை லாபம், அதுவும் நாலாயிரத்துச் சொச்சம் மட்டும். நிற்காவிட்டால் புதிய முறையே எவ்வளவோ மேல்.

ரசீதுகளில் என்ன இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எந்த மாதத்துக்கு, எந்த வீட்டுக்கு, யார் கொடுத்தார், எவ்வளவு, வீட்டுக்காரர் பெயர், பான், கையெழுத்து. ரொக்கமாகக் கொடுத்து, தொகை 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி அதன் மேல் கையெழுத்து. ஜனவரியில் கொடுக்கும்போது, கொடுத்து முடித்த மாதங்களுக்கு மட்டுமே ரசீது இருக்கும். மீதி மாதங்களுக்கு உறுதிமொழி போதுமா, மார்ச்சில் மறுபடி ரசீது தர வேண்டுமா என்பது ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு மாதிரி. அவர்கள் அனுப்பிய மின்னஞ்சலிலேயே அது இருக்கும். பன்னிரண்டு ரசீதையும் ஒரே நாளில் ஒரே பேனாவில் எழுதி, மார்ச் மாதத்து ரசீதையும் ஜனவரியிலேயே நீட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். இன்னும் வராத மாதத்துக்கு ஏது ரசீது என்று சரிபார்ப்பவர் கேட்டால் பதில் இருக்காது.

இரண்டாவது வரிசை விடுமுறைப் பயணச் சலுகை. சம்பளத்தில் அப்படி ஒரு படி இருந்தால் மட்டும்தான் இது பொருந்தும். இந்தியாவுக்குள் போய்வந்த பயணக் கட்டணத்துக்கு மட்டும். தங்கியதும் சாப்பிட்டதும் வராது. நாலு காலண்டர் வருடத் தொகுதியில் இரண்டு பயணம். 2022-2025 தொகுதி 2025 டிசம்பரோடு முடிந்துவிட்டது. அவன் எங்கும் போகவில்லை. அந்த வரிசையில் "இல்லை" என்று எழுதச் சொன்னேன். காலியாக விடுவதைவிட அது நல்லது, பிறகு யாரும் எதையும் எழுதிச் சேர்க்க இடம் இருக்காது.

மூன்றாவது வரிசை வீட்டுக் கடன் வட்டி. இங்கே அவன் 2,55,000 என்று எழுதியிருந்தான். அது வருடம் முழுக்கக் கட்டும் தவணைத் தொகை. இந்தக் கட்டம் கேட்பது வட்டியை மட்டும். அதற்கான காகிதம் வங்கி தரும் வட்டிச் சான்றிதழ். ஜனவரியில் கேட்டால் மார்ச் வரைக்கும் மதிப்பிட்டுத் தற்காலிகச் சான்றிதழாகத் தருவார்கள். அதில் வட்டி 1,85,000 என்றும் அசல் 70,000 என்றும் தனித்தனியாக இருந்தது. வட்டி இந்த மூன்றாவது வரிசைக்கு, அசல் 80சி-க்கு. இரண்டு லட்சம் உச்சவரம்பு என்பதால் வட்டி முழுவதும் நிற்கும்.

ஆனால் அந்த வரம்பு யாருக்கு என்பதையும் பார்க்க வேண்டும். கடன் வாங்கிய நிதியாண்டு முடிந்து ஐந்து வருடத்துக்குள் வீடு கட்டி முடிந்திருந்தால்தான் இரண்டு லட்சம். இல்லாவிட்டால் வெறும் 30,000. வீட்டைப் பழுதுபார்க்க வாங்கிய கடனுக்கும் அதே 30,000தான். அதனால் கட்டி முடித்த வருடத்தைக் காட்டும் ஒரு காகிதத்தை நிறுவனம் கேட்கலாம். முடிப்புச் சான்றிதழ் கையில் இருந்தால் அதைக் கொடுக்கலாம். மதுரை வீட்டுக்கு அது கிடைக்கவில்லை; முதல் சொத்து வரி ரசீதைக் கொடுத்தான், ஏற்றுக்கொண்டார்கள்.

சான்றிதழில் கடன்காரர் என்று இரண்டு பெயர் இருந்தது, அவனும் அவன் அப்பாவும். இந்த இடத்தில் நிறைய பேருக்குப் பாதித் தொகைதான் கிடைக்கும். வீட்டுப் பத்திரத்திலும் இரண்டு பேர் இருந்தால், பங்குக்கு ஏற்றபடிதான் கழிவு. இவன் விஷயத்தில் பத்திரம் இவன் பெயரில் மட்டும், தவணை முழுவதும் இவன் கணக்கிலிருந்தே போகிறது. அப்பா பெயரை வங்கி கூட்டுக் கடன்காரராகச் சேர்த்துக்கொண்டது, அவ்வளவுதான். அதைச் சொன்னால் மட்டும் போதாது, காட்ட வேண்டும். பத்திரத்தின் முதல் பக்க நகல், தவணை போகும் வங்கிக் கணக்கு அறிக்கை இரண்டையும் சான்றிதழோடு சேர்த்து, நாலாவது பத்தியில் மூன்றையும் எழுதச் சொன்னேன்.

"வாடகைக்கும் கேட்டு, சொந்த வீட்டு வட்டிக்கும் கேட்டா சந்தேகப்பட மாட்டாங்களா?" என்று கேட்டான். வேலை சென்னையில், வீடு மதுரையில். அங்கே குடியிருக்க முடியாததற்குக் காரணம் வேலை. சட்டத்தில் இரண்டையும் கேட்கத் தடை இல்லை. இரண்டும் ஒரே ஊரில் இருந்தால்தான் ஏன் என்று விளக்கம் கேட்பார்கள். கடன் கொடுத்த வங்கியின் பெயர், முகவரி, பான் எல்லாம் பெரும்பாலும் சான்றிதழிலேயே அச்சாகியிருக்கும். பார்த்து எழுதிவிட வேண்டியதுதான்.

நாலாவது வரிசையில் அத்தியாயம் ஆறு-ஏ கழிவுகள். இதில் 80சி-க்கு உச்சவரம்பு ஒன்றரை லட்சம். இவன் எங்கெங்கோ ரசீது தேடிக்கொண்டிருந்தான். அவனுடைய பி.எஃப் பிடித்தமே மாதம் 7,200 வீதம் வருடத்துக்கு 86,400. அது நிறுவனத்தின் கையிலேயே இருக்கும் கணக்கு, அதற்கு ஆதாரம் தேவையில்லை. கடன் அசல் 70,000-ஐச் சேர்த்தால் 1,56,400. வரம்பு தாண்டிவிட்டது. எல்.ஐ.சி ரசீதைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. ஏற்கனவே நிரம்பிய இடத்துக்கு இன்னும் பத்துக் காகிதம் வைத்தால், அதில் ஒன்றில் குறை இருந்தாலும் முழுக் கட்டும் திரும்பி வரும். வலுவான ஆதாரங்களை வைத்து வரம்பைத் தொட்டவுடன் நிறுத்திக்கொள்ளச் சொல்வது என் வழக்கம். வரம்பு நிரம்பாதவர்களுக்கு மட்டும் இரண்டு எச்சரிக்கை: பெற்றோர் பெயரில் உள்ள ஆயுள் காப்பீட்டுப் பிரீமியம் 80சி-யில் வராது, பள்ளிக் கட்டணத்தில் கல்விக் கட்டணம் மட்டும்தான் வரும், அதனால் பேருந்துக்கும் நன்கொடைக்கும் கொடுத்தது தனியாகப் பிரித்துக் காட்டப்பட்ட ரசீதாகப் பள்ளியில் கேட்டு வாங்க வேண்டும்.

"மற்ற பிரிவுகள்" என்று கடைசியில் இருக்கும் இடம் 80டி-க்கு. அப்பா, அம்மா இருவரும் அறுபதைத் தாண்டியவர்கள். அவர்களுடைய மருத்துவக் காப்பீட்டுக்கு 32,000 ரூபாய் கட்டியிருந்தான். அறுபது வயதைக் கடந்த பெற்றோருக்கு வரம்பு 50,000 என்பதால் முழுத் தொகையும் நிற்கும். பிரீமியத்தை ரொக்கமாகக் கட்டியிருந்தால் ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது. இவன் கார்டில் கட்டியிருந்தான். பாலிசி அப்பா பெயரில் இருப்பதால், கட்டியது மகன்தான் என்பதற்குக் கார்டு அறிக்கையில் அந்த ஒரு வரி உள்ள பக்கத்தையும் சேர்க்கச் சொன்னேன். காப்பீட்டு நிறுவனமே 80டி சான்றிதழ் என்று ஒன்று தரும். பாலிசி நகலைவிட அதுதான் சரிபார்ப்பவருக்கு வசதி. இரண்டு மூன்று வருடப் பிரீமியத்தை மொத்தமாகக் கட்டியிருந்தால், இந்த வருடத்துக்கு எவ்வளவு என்று பிரித்து எழுத வேண்டும்.

கோவிலுக்குக் கொடுத்த நன்கொடை ரசீது ஒன்றையும் அனுப்பியிருந்தான். அதை இந்தக் கட்டிலிருந்து எடுத்துவிடச் சொன்னேன். 80ஜி நன்கொடைகளை நிறுவனங்கள் பெரும்பாலும் டி.டி.எஸ் கணக்கில் எடுப்பதில்லை. தகுதி இருந்தால் ரிட்டர்னில் நேராகக் கேட்டுக்கொள்ளலாம்.

கடைசியாக உறுதிமொழி. தன் பெயர், தந்தை பெயர், மேலே சொன்னதெல்லாம் முழுமையானது, சரியானது என்ற வாசகம், இடம், தேதி, பதவி, கையெழுத்து. இதை எல்லாத் திருத்தமும் முடிந்த பிறகு, பேனாவில், கடைசியாக நிரப்ப வேண்டும். முதலிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு மேலே தொகையை அடித்துத் திருத்தினால், ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்தில் இன்னொரு கையெழுத்து கேட்பார்கள். அவனைப் புதுப் படிவம் ஒன்றை அச்செடுத்து, சுத்தமாக எழுதச் சொன்னேன்.

இவ்வளவு பார்த்தும் ஏதாவது ஓர் ஆதாரம் நாள் தவறிப் போகலாம். அதற்காகச் சலுகையே போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். நிறுவனம் வரியைக் கூடுதலாகப் பிடித்திருந்தாலும், வாடகை விலக்கு, வட்டி, 80சி, 80டி எல்லாவற்றையும் ரிட்டர்னில் கேட்டு, கூடுதலாகப் போனதைத் திரும்ப வாங்கலாம். ஆனால் பழைய முறையைத் தேர்ந்தெடுக்க, கெடு தேதிக்குள் தாக்கல் செய்தாக வேண்டும். 2025-26-க்குச் சம்பளக்காரர்களுக்கு அது 2026 ஜூலை 31. தாமதமாகத் தாக்கல் செய்தால் புதிய முறைதான், அப்போது இந்தக் கழிவுகள் எதுவும் கிடைக்காது. ரிட்டர்னோடு காகிதம் எதையும் இணைப்பதில்லை என்பதால், துறை பின்னால் கேட்டால் காட்ட ரசீதுகளின் அசலும் படிவத்தின் நகலும் நம்மிடம்தான் இருக்க வேண்டும். படிவத்தை நிறுவனத்தில் கொடுக்கும் முன், நாலு மூலையும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளச் சொல்வேன். ஆனால் அந்தப் போட்டோ குடும்பக் குழுவில் போகக் கூடாது. அதில் அவனுடைய பான் மட்டுமல்ல, அந்த அம்மாவின் பானும் இருக்கிறது.

2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டம், 2025 நடைமுறைக்கு வருகிறது. அதற்குப் பிந்தைய சம்பளத்துக்கு 80சி, 80டி போன்ற பழைய பிரிவு எண்கள் பொருந்தாது. இனி ஜனவரியில் யாராவது போட்டோ அனுப்பினால், தலைப்பில் உள்ள படிவ எண்ணையும் எந்த வருடத்துக்கு என்பதையும் பார்த்த பிறகுதான் கீழே இருக்கும் கட்டங்களுக்குப் போவேன்.